மதிப்பு 120, வாங்கும் விலை 80

பங்கின் மதிப்பை யாராலும் துல்லியமாகக் கணிக்க முடியாது. அதனால்தான் பெஞ்சமின் கிரஹாம், 1949-ல் வெளியான ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ நூலில் பாதுகாப்பு இடைவெளியை வலியுறுத்தினார். கணித்த மதிப்புக்கும் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

ஒரு பிஸ்கட் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு பங்குக்கு ஆண்டு லாபம் 10 ரூபாய். இத்தகைய தொழிலுக்கு லாபத்தைப் போல 12 மடங்கு தரலாம் என்று கணிக்கிறோம். மதிப்பு 120 ரூபாய். சந்தையிலோ 110-க்குக் கிடைக்கிறது. மலிவுதானே என்று தோன்றும்.

கோதுமை விலை ஏறி, லாபம் 8 ரூபாயாகக் குறைகிறது என்று வையுங்கள். வளர்ச்சி மந்தமானதால் 10 மடங்குதான் தர முடியும். இப்போது மதிப்பு வெறும் 80. 110-க்கு வாங்கியவருக்கு 30 ரூபாய் நஷ்டம். 80-க்கு இறங்கும்வரை காத்திருந்து வாங்கியவருக்கு, கணிப்பு இரண்டு இடத்தில் பிசகியும் முதல் தப்பித்தது. மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வாங்கியதன் பலன் இது.

பலர் தடுமாறும் இடம் வேறு. 200-லிருந்து 110-க்கு விழுந்த பங்கைப் பார்த்து, பாதி விலை என்று பாய்கிறார்கள். இடைவெளியை அளக்க வேண்டியது மதிப்பிலிருந்து. பழைய விலையிலிருந்து அல்ல. கடன் பெருகி, ஆண்டுக்கு ஆண்டு லாபம் கரையும் கம்பெனியில் மதிப்பே இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே இன்றைய இடைவெளி இரண்டே ஆண்டில் காணாமல் போகலாம். ஆகவே லாபக் கணக்கோடு கடனையும், கைக்கு வரும் ரொக்கத்தையும் பல ஆண்டுகளுக்குப் பாருங்கள்.