செத்தபின் கரையும் இரைப்பை

முழு ஆரோக்கியத்துடன் இருந்த ஒருவர், ஆறிய இறைச்சி, பாலாடைக்கட்டி, ரொட்டி, பீர் என வயிறு நிறையச் சாப்பிட்டார். சற்று நேரத்தில் கணப்பு கிளறும் இரும்புக் கம்பியால் மண்டையில் அடிபட்டு, அந்த ஓர் அடியிலேயே இறந்துபோனார். உடலை அறுத்துப் பார்த்த அறுவை மருத்துவர் ஜான் ஹன்டருக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. இரைப்பையின் அகன்ற பக்கம் கரைந்து ஓட்டையாகியிருந்தது. சாப்பிட்டதில் கணிசமான பகுதி அந்த ஓட்டை வழியே வயிற்றறைக்குள் சிந்திக் கிடந்தது.

இப்படிப்பட்ட ஓட்டைகளை நோயின் அடையாளம் என்றே அதுவரை மருத்துவர்கள் எண்ணிவந்தார்கள். செத்தவருக்கோ நோயே கிடையாது. உணவைச் செரிக்க ஊறிய சாறு, ஆள் இறந்ததும் இரைப்பையையே செரிக்கத் தொடங்கிவிட்டது என்று ஹன்டர் முடிவுகட்டி, 1772இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். உயிரோடிருக்கும்போது ஏன் அப்படி நடப்பதில்லை? உயிருள்ள திசுவைச் செரிக்க முடியாது, உயிரே அதற்குக் காப்பு என்பது அவர் தந்த விளக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் அதைக் கவிழ்த்துவிட்டார். நாயின் இரைப்பைக்குள் வெளியிலிருந்து துளை அமைத்து, உயிருள்ள தவளையின் காலை அதற்குள் நுழைத்தார். தவளை உயிரோடு இருக்க, கால் மட்டும் செரித்துப்போனது. கொடூரமான சோதனைதான், என்றாலும் விடை தெளிவாகக் கிடைத்தது. உயிர் இருப்பது மட்டும் காப்பாற்றாது. தவளைக் காலிடம் இல்லாத ஏதோ ஒன்று நாயின் இரைப்பைச் சுவரிடம் இருக்கிறது.

அந்த ஏதோ ஒன்றின் முக்கியப் பகுதி, நாம் அருவருப்போடு பார்க்கும் சளி. இரைப்பையின் உட்சுவர் முழுவதும் அது பூசியிருக்கிறது. மனிதருக்கு அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் 95 சதவீதம் வெறும் தண்ணீர். மிச்சம் பெரும்பாலும் மியூசின் என்ற நீளமான புரதம். வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் இழுபடும் வழுவழுப்பு போன்ற பொருள். இதற்கு ஒரு பக்கம் மெல்லிய செல் வரிசை. மறுபக்கம் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதன் துணையால் செயல்படும் பெப்சின் என்ற நொதி. அமிலத்தின் pH அளவு 1 முதல் 2 வரை. இறைச்சியைக் கரைக்கும் கூட்டணி இது.

இவ்வளவு மெல்லிய படலம் அமிலத்தை எப்படித் தடுக்கிறது? சளி மட்டும் தடுப்பதில்லை. சுவரின் மேற்பரப்புச் செல்கள் சளியோடு சேர்த்துப் பைகார்பனேட்டையும் சுரக்கின்றன. சமையல் சோடாவில் இருக்கும் அதே காரப்பொருள்தான். சுரக்கும் அளவு மிகவும் குறைவு. இரைப்பையில் உள்ள அமிலம் முழுவதையும் முறிக்க வேண்டுமென்றால் அது எந்த மூலைக்கும் போதாது. இங்கேதான் சளியின் வேலை வருகிறது. இரைப்பை எவ்வளவு பிசைந்தாலும், சுவரை ஒட்டிய சளிக்குள் இருக்கும் நீர் கலங்காமல் நிற்கிறது. கீழிருந்து வரும் கொஞ்சப் பைகார்பனேட் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தேங்குகிறது. மேலிருந்து மெதுவாகக் கசிந்து இறங்கும் அமிலத்தை வழியிலேயே சந்தித்து முறிக்கிறது. அதனால் படலத்தின் மேல்பக்கம் கடும் அமிலமாக இருக்கும்போதே, செல்லைத் தொடும் அடிப்பக்கத்தில் pH ஏறக்குறைய 7 ஆகிவிடுகிறது. சாதாரணத் தண்ணீரின் அளவு அது.

பெப்சினுக்கும் இதே கதிதான். அது பெரிய மூலக்கூறு என்பதால் சளிக்குள் எளிதில் நகர முடியாது. நகர்ந்து அடிக்கு வந்தாலும், அமிலம் இல்லாத இடத்தில் அதனால் வெட்ட முடியாது. படலத்தின் மேல்பரப்பை மட்டும் அது ஓயாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது. மியூசின் புரதத்தின் பெரும்பகுதியைச் சர்க்கரைச் சங்கிலிகள் மூடியிருப்பதால் அரிப்பு மெதுவாகவே நடக்கிறது. அரிபட்ட அளவுக்குக் கீழிருந்து புதுச் சளி ஊறிவிடுகிறது.

அந்தப் பைகார்பனேட் வரும் வழி இன்னும் சுவையானது. சுவரின் ஆழத்தில் உள்ள சுரப்பிச் செல் ஒவ்வொரு அமிலத் துகளை இரைப்பைக்குள் தள்ளும்போதும், எதிர்ப்பக்கமாக ஒரு பைகார்பனேட்டை ரத்தத்தில் விடுகிறது. அந்த இடத்திலிருந்து கிளம்பும் நுண்குழாய்கள் நேராக மேற்பரப்புச் செல்களை நோக்கியே ஏறுகின்றன. அமிலம் தயாரானால் முறிவுமருந்தும் கூடவே தயாராகி, வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ரத்த ஓட்டம் நின்றால் இந்த ஏற்பாடு மொத்தமும் நின்றுவிடும். ஹன்டர் பார்த்த உடலில் நடந்தது அதுதான்: ரத்தம் ஓடவில்லை, புதுச் சளி ஊறவில்லை, ஆனால் உடல் சூடு ஆறாத சில மணி நேரத்துக்குப் பெப்சின் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

இவ்வளவு காவலையும் மீறிச் சில செல்கள் சாகத்தான் செய்கின்றன. மேற்பரப்புச் செல் வரிசை சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிவிடுகிறது. சின்னச் சிராய்ப்பு என்றால் புதுச் செல் பிறக்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை. பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து ஒரு சில மணி நேரத்துக்குள் இடைவெளியை மூடிவிடும்.

ஊறும் சளி, பைகார்பனேட், சுவரின் ரத்த ஓட்டம் ஆகிய மூன்றையும் முடுக்கிவிடுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். மூட்டு வீங்கி வலிக்கும்போது அந்த வலியைக் கூட்டுவதும் இதே வகைப் பொருள்தான். ஆஸ்பிரின் இதன் உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கிறது என்று 1971இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முழங்கால் வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளும் அதே வழியில் வேலை செய்கின்றன. முழங்காலில் குறையும்போது இரைப்பையிலும் குறைகிறது. சளி மெலிகிறது, பைகார்பனேட் வற்றுகிறது, அமிலம் செல்லைத் தொடுகிறது, புண் வருகிறது.

“சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது” என்று நம் வீடுகளில் சொல்வது பாதி உண்மை. எரிச்சல் குறையலாம். புண்ணோ ரத்தத்தின் வழியாகவும் வருகிறது. ஆகவே அதே மருந்தை ஊசியாகப் போட்டாலும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. வலி மாத்திரையோடு மருத்துவர்கள் ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் போன்றவற்றை எழுதித் தருவது இதனால்தான். அவை அமிலம் சுரப்பதையே குறைத்து, மெலிந்த சளிக்கும் தாங்கும் அளவுக்குக் கொண்டுவருகின்றன.

எல்லாப் புண்ணுக்கும் மாத்திரை காரணம் அல்ல. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி அமிலத்துக்குத் தப்பிச் சளிக்குள்ளேயே குடியிருக்கிறது. யூரியாவிலிருந்து அம்மோனியா தயாரித்துத் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை அது முறிக்கிறது. அமிலம் குறைந்ததும் கெட்டியான சளி இளகிவிடும். இளகிய பாதையில் கிருமி நீந்திப் போகும். அல்சருக்குக் காரத்தையும் கவலையையும் குற்றம் சொல்லிவந்த மருத்துவ உலகை நம்பவைக்க, ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984இல் இந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி வந்தது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு.

முதியவர்களுக்கு மாத்திரையால் வரும் புண் பல நேரம் வலிக்கவே வலிக்காது. மாத்திரையே அந்த வலியையும் மறைத்துவிடும். முதல் அறிகுறி மலத்தில்தான் தெரியும். கசிந்த ரத்தம் அமிலத்திலும் குடலிலும் மாறி, மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றம் வீசும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் மலம் கறுக்கும் என்றாலும், அதில் தார்ப் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் இருக்காது. தார் நிறத்தோடு தலைசுற்றலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் பயந்துபோய் அதைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்துவதா, கூடவே வேறு மாத்திரை சேர்ப்பதா என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.