காய்ச்சல் யாருக்கு? ஓல்தோ, டிஸ்பைட், இன் ஸ்பைட் ஒஃப்

சகோதரிகளே, உங்கள் மகளுக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சல். தவணைப் பரீட்சையும் நடக்கிறது. பிள்ளை பிடிவாதமாகப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டாள். அதிபரும் இரக்கப்பட்டு, அவளைத் தனி அறையில் இருந்து எழுத விட்டார். நன்றி தெரிவித்து ஆங்கிலத்தில் நான்கு வரிக் கடிதம் எழுத நீங்கள் உட்காருகிறீர்கள். “காய்ச்சல் இருந்தும் மகள் பரீட்சை எழுதினாள்” என்பது தமிழில் தானாக வருகிறது. ஆங்கிலத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. எங்கள் பக்கத்துத் தாயொருவர் இப்படி எழுதிக் கொண்டுவந்து காட்டினார்:

“ஓல்தோ மை டோட்டர்ஸ் ஃபீவர், பட் ஷி ரோட் தி எக்ஸாம்.”

சொல்ல வந்தது விளங்குகிறது. ஆனால் இந்த ஒரே வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. நம் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளிலும் அடிக்கடி சிவப்புக் கோடு விழுவது இந்த இரண்டுக்குத்தான். (எக்ஸாமுக்கு ‘ரோட்’ என்பதைவிட ‘செட்’, அதாவது அமர்ந்தாள் என்பது நல்ல வழக்கு. அது வேறு கதை.)

முதற் பிழையைப் பார்ப்போம். ஓல்தோ என்ற சொல்லின் பின்னால் ஒரு முழு வாக்கியம் வரவேண்டும். அதாவது யார் அல்லது எது என்று சொல்லும் எழுவாயும், அதற்குரிய வினைச்சொல்லும் இருக்கவேண்டும். ‘மை டோட்டர்ஸ் ஃபீவர்’ என்பது வாக்கியமல்ல, “என் மகளின் காய்ச்சல்” என்ற ஒரு பெயர் மட்டுமே. அதில் வினை இல்லை. “ஓல்தோ மை டோட்டர் ஹேட் ஃபீவர்” என்றால், மகள் என்ற எழுவாயும் ‘ஹேட்’ என்ற வினையும் வந்துவிடுகின்றன. இனி அது சரி.

டிஸ்பைட், இன் ஸ்பைட் ஒஃப் இரண்டும் இதற்கு நேர் மாறானவை. அவற்றின் பின்னால் பெயர்தான் வரும். “டிஸ்பைட் ஹர் ஃபீவர்”, “இன் ஸ்பைட் ஒஃப் ஹர் ஃபீவர்” இரண்டும் சரி. இரண்டுக்கும் பொருளில் வித்தியாசம் இல்லை. ஆனால் “டிஸ்பைட் ஷி ஹேட் ஃபீவர்” என்று எழுதவே கூடாது.

இந்தப் பிரிவு நமக்குப் புதிதல்ல, தமிழிலேயே இருக்கிறது. “மழை பெய்தும் வந்தாள்” என்கிறோம். “மழையையும் பாராமல் வந்தாள்” என்றும் சொல்கிறோம். முதலாவதில் ‘பெய்தும்’ என்ற வினை இருக்கிறது, அது ஓல்தோவின் இடம். இரண்டாவதில் ‘மழை’ என்ற பெயர் மட்டும் நிற்கிறது, அது டிஸ்பைட்டின் இடம். டிஸ்பைட் என்ற சொல்லின் வேரும், தாழ்வாகப் பார்ப்பது, மதிக்காமல் விடுவது என்ற பொருளுடைய ஒரு இலத்தீன் சொல்தான். நம்முடைய ‘பாராமல்’ அதற்கு எவ்வளவு கிட்டியது பாருங்கள்!

ஆனால் இந்தத் தமிழ் அளவுகோல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. “மழை பெய்தும் கிணறு நிரம்பவில்லை” என்பதை ஆங்கிலத்தில் டிஸ்பைட் போட்டும் சொல்லலாம். தமிழிலோ, மழையைப் பாராமல் கிணறு நிரம்பவில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே சந்தேகம் வந்தால், ஆங்கில வரியில் வினை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே நிச்சயமான வழி.

இரண்டாவது பிழை ‘பட்’. ஓல்தோ வந்த வாக்கியத்தில் பட் வரக்கூடாது, இரண்டில் ஒன்று போதும். நம்மவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். தமிழில் ‘பெய்தும்’ என்ற இணைப்பு வாக்கியத்தின் நடுவில் வருகிறது. ஆங்கிலத்தில் ஓல்தோ முதலிலேயே வந்துவிடுவதால், நடுவில் ஏதோ குறைவது போல நம் காதுக்குப் படுகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் பட் வந்து குந்துகிறது என்று நினைக்கிறேன். அங்கே ஒரு காற்புள்ளி போதும். ‘ஸ்டில்’ என்ற சொல்லைச் சேர்ப்பது மட்டும் பிழையல்ல: “ஓல்தோ ஷி ஹேட் ஃபீவர், ஷி ஸ்டில் கேம்.”

இனிப் பரீட்சைத் தாளில் வரும் கேள்வி. ஓல்தோ உள்ள வாக்கியத்தைக் கொடுத்து, இன் ஸ்பைட் ஒஃப் போட்டு மாற்றி எழுதச் சொல்வார்கள். பிள்ளைகள் ஓல்தோவை வெட்டிவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், வினையைப் பெயராக்க முடியுமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். “ஓல்தோ இட் வொஸ் ரெய்னிங்” என்பது “இன் ஸ்பைட் ஒஃப் த ரெய்ன்” ஆகும். “ஓல்தோ ஹி வொஸ் புவர்” என்பது “இன் ஸ்பைட் ஒஃப் ஹிஸ் பொவர்ட்டி” ஆகும். ஏழை என்ற சொல் வறுமையாக மாறுகிறது.

பொருத்தமான பெயர் கிடைக்காவிட்டால் ‘இங்’ முடிவுள்ள சொல் உதவும். “ஓல்தோ ஷி வொஸ் ஃபாஸ்டிங், ஷி குக்ட் ஃபோர் எவ்ரிவன்”, நோன்போடு இருந்தும் எல்லோருக்கும் சமைத்தாள். இதை “டிஸ்பைட் பீயிங் ஒன் எ ஃபாஸ்ட்” என்றோ, சுருக்கமாக “டிஸ்பைட் ஃபாஸ்டிங்” என்றோ மாற்றலாம்.

இங்கேதான் மிகவும் கவனிக்கவேண்டிய ஓர் இடம் இருக்கிறது. அந்தத் தாய் திருத்தி எழுதிவந்த இரண்டாவது கடிதத்தில் இப்படி இருந்தது:

“இன் ஸ்பைட் ஒஃப் பீயிங் சிக், த பிரின்சிபல் அலவ்ட் மை டோட்டர் டு சிட் த எக்ஸாம்.”

பட் போய்விட்டது, பெயரும் சரியாக வந்துவிட்டது. ஆனால் இதன் பொருள், நோயாளியாக இருந்தவர் அதிபர் என்பது! ‘இங்’ சொல்லுக்கு எழுவாய் எழுதப்படாவிட்டால், பிரதான வாக்கியத்தின் எழுவாயே அதற்கும் எழுவாயாகிவிடும். காற்புள்ளிக்குப் பிறகு முதலில் வருபவர் யார் என்று பாருங்கள். அவரே நோயாளி. ஆகவே இரண்டு பகுதிக்கும் ஒருவரே உரியவராக இருந்தால் மட்டும் இந்த வடிவத்தை எழுதவேண்டும். “இன் ஸ்பைட் ஒஃப் பீயிங் சிக், மை டோட்டர் செட் தி எக்ஸாம்” என்றால் பிழையில்லை.

ஆட்கள் வேறு வேறாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஓல்தோவுக்கே திரும்பிப் போகலாம். அல்லது டிஸ்பைட்டுக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் ‘த ஃபெக்ட் தட்’ என்ற மூன்று சொற்களை வைக்கலாம். “டிஸ்பைட் த ஃபெக்ட் தட் த பஸ் வொஸ் லேட், ஷி கேம் இன் டைம்”, பஸ் பிந்தியும் அவள் நேரத்துக்கு வந்தாள். ‘ஃபெக்ட்’ ஒரு பெயராதலால் டிஸ்பைட் திருப்தியடைகிறது. அதன்பின் முழு வாக்கியம் வரலாம். வரி நீளும், ஆனால் பிழை வராது.

‘ஒஃப்’ பற்றியும் ஒரு சொல். இன் ஸ்பைட் என்றால் ஒஃப் கட்டாயம். டிஸ்பைட் என்றால் ஒஃப் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் ‘இன் டிஸ்பைட் ஒஃப்’ என்று ஒரு நீண்ட வடிவம் இருந்தது. அதன் சொந்தக்காரர்கள்தான் இன்றைய இரண்டும். ஆனால் இன்று ‘டிஸ்பைட் ஒஃப்’ என்று எழுதினால் புள்ளி போய்விடும்.

“ஓல்தோ சிக், ஷி கேம்” என்று வினையில்லாத ஒரு வரியை எங்காவது வாசித்துக் குழம்ப வேண்டாம். அது ‘ஷி வொஸ்’ என்ற இரண்டு சொற்கள் மறைந்து நிற்கும் சுருக்கம். ‘சிக்’ என்பது பண்புச் சொல், பெயரல்ல. அதனால்தான் அதே இடத்தில் ‘டிஸ்பைட் சிக்’ என்று எழுத முடியாது.

கடைசியில் அதிபருக்குப் போன கடிதத்தில் அந்த வரி இப்படி இருந்தது: “ஓல்தோ மை டோட்டர் வொஸ் சிக், யூ கைன்ட்லி அலவ்ட் ஹர் டு சிட் தி எக்ஸாம்.” காய்ச்சல் மகளிடமே திரும்பிப் போய்விட்டது.