ஹீட்டர் வீட்டில் தோல்

சென்னையிலிருந்து டொரான்டோவுக்குக் குடிபோனவர்கள் முதல் ஜனவரியில் தோல் வறண்டதும் வெளியே அடிக்கும் குளிர்காற்றைத்தான் திட்டுவார்கள். அதைவிட ஹீட்டர் ஓடும் வீட்டுக்குப் பங்கு அதிகம். சென்னையின் புழுக்கத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். மைனஸ் 10 டிகிரிக் காற்றால் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்க முடியும். அந்தக் காற்றை உள்ளே இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமையலும் குளியலும் அதைக் கொஞ்சம் ஏற்றும், அவ்வளவுதான். பசித்த அந்தக் காற்று இராத்திரி முழுக்க நம் தோலிலிருந்து நீரை எடுத்துக்கொண்டே இருக்கிறது.

எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவாக உள்ள இடம் என்பதால் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில்தான் முதலில் தெரியும். நகத்தால் கீறினால் கரும்பலகையில் சாக்பீஸ் இழுத்ததுபோல வெள்ளைக் கோடு விழும்.

உடனே தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடுவோம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துபோயிருக்கும்; உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உருகிவிடும். எண்ணெயில் குறையில்லை, தடவும் நேரத்தில்தான் இருக்கிறது. ஊரில் எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிப்போம். இங்கே குளித்துவிட்டுத் தடவ வேண்டும். எண்ணெய்க்குள் நீர் கிடையாது, இருக்கிற நீரை வெளியேறாமல் மூடத்தான் அதற்குத் தெரியும். அதனால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியலை முடித்து, சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் மட்டும் போட்டு, துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் தடவிவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது சுகம்தான், ஆனால் தோலின் இயற்கையான கொழுப்பையும் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

நீரைப் பூட்டுவதில் தேங்காய் எண்ணெயைவிடப் பெட்ரோலியம் ஜெல்லி கெட்டி. பிசுபிசுப்பு பிடிக்காதவர்களுக்கு, டப்பாவில் வரும் வாசனையில்லாத கெட்டி க்ரீம். பம்ப் பாட்டில் லோஷனில் பெரும்பகுதி தண்ணீர்தான். சென்னைக்கு அது போதும். அளவிலும் கஞ்சத்தனம் கூடாது. பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒருமுறை பூச 20 முதல் 30 கிராம் வேண்டும். 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் வருகிறது என்றால் நீங்கள் தடவவில்லை, தொட்டுவைக்கிறீர்கள். குதிகால் தடித்திருந்தால் யூரியா கலந்த க்ரீம் நன்றாக வேலை செய்யும். வெடிப்பில் பட்டால் எரியும்.

ஹியூமிடிஃபையர் வாங்கினால் 30, 40 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் காலில் சிவந்த விரிசல்கள் வலைபோலப் பரவினாலோ, நீர் கசிந்தாலோ அது எக்ஸிமாவாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூப்பை அதற்குள் எடுத்துத் தடவிவிடாதீர்கள்.