பாராட்டுக்குள் பாட்டு இருக்கிறதா?

‘பாராட்டு’ என்ற சொல்லுக்குள் ‘பாட்டு’ இருக்கிறதா? நடுவிலுள்ள ‘ரா’வை எடுத்துவிட்டால் பா, ட், டு என்று வரிசை மாறாமல் மிஞ்சுகிறது. அப்படிப் பார்த்தால் இருக்கிறது. ஆனால் கத்தரிக்கோலால் ஒரே துண்டாக வெட்டியெடுக்கச் சொன்னால் முடியாது; ‘பா’வுக்கும் ‘ட்’டுக்கும் நடுவே ‘ரா’ நிற்கிறது. ஒரே துண்டாகக் கிடைப்பது ‘ட்டு’ மட்டும்தான்.

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். எழுத்துகளின் வரிசை மட்டும் மாறாமலிருந்தால் போதும், இடையில் எதை வேண்டுமானாலும் தாண்டலாம் என்றால் அது சப்சீக்வென்ஸ். தாண்டக் கூடாது, எல்லாம் அடுத்தடுத்து ஒட்டியிருக்க வேண்டும் என்றால் சப்ஸ்ட்ரிங். இரண்டு சரங்களுக்கும் பொதுவான மிக நீளமான சப்சீக்வென்ஸைக் கண்டுபிடிக்க ஓர் அட்டவணை போடுவார்கள். சப்ஸ்ட்ரிங்கைக் கண்டுபிடிக்கவும் ஓர் அட்டவணை போடுவார்கள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருப்பதால், ஒன்றைக் கற்றவர் மற்றதை எழுதும்போது தடுமாறுவது வழக்கம். நிரலில் ஒரே ஒரு வரிதான் வேறு என்று பாடங்களில் சொல்வார்கள். அந்த வரி ஏன் வேறாகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

‘பாராட்டு’, ‘பாட்டும்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். முதல் சொல்லின் எழுத்துகளை இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும், இரண்டாவதன் எழுத்துகளை மேலே இடமிருந்து வலமாகவும் எழுதுவோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் வேண்டும். முதலில் சப்ஸ்ட்ரிங் அட்டவணை:

| | பா | ட் | டு | ம் |
|---|---|---|---|---|
| பா | 1 | 0 | 0 | 0 |
| ரா | 0 | 0 | 0 | 0 |
| ட் | 0 | 1 | 0 | 0 |
| டு | 0 | 0 | 2 | 0 |

இங்கே ஒவ்வொரு கட்டமும் கேட்கிற கேள்வி இது: இந்த இரண்டு எழுத்துகளிலும் வந்து முடிகிற பொதுத் துண்டு எவ்வளவு நீளம்? எழுத்துகள் இரண்டும் ஒன்றாக இருந்தால், மூலைவிட்டத்தில் இடது மேல்பக்கம் இருக்கும் கட்டத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிறோம். ‘டு’வும் ‘டு’வும் சந்திக்கும் கட்டத்தில் 2 வந்தது அப்படித்தான், அதற்கு இடது மேலே ‘ட்’டும் ‘ட்’டும் சந்தித்து 1 என்று வைத்திருந்தன. எழுத்துகள் வேறாக இருந்தால், அங்கே முடிகிற பொதுத் துண்டு என்று எதுவுமே இருக்க முடியாது. ஆகவே பூஜ்யம். முன்பு எவ்வளவு நீளம் சேர்ந்திருந்தாலும் அது அந்தக் கட்டத்தோடு அறுந்துபோகிறது.

இப்போது அதே சொற்களுக்குச் சப்சீக்வென்ஸ் அட்டவணை:

| | பா | ட் | டு | ம் |
|---|---|---|---|---|
| பா | 1 | 1 | 1 | 1 |
| ரா | 1 | 1 | 1 | 1 |
| ட் | 1 | 2 | 2 | 2 |
| டு | 1 | 2 | 3 | 3 |

இங்கே கேள்வி வேறு. இதுவரை படித்த இரண்டு முன்பகுதிகளையும் வைத்து, அதிகபட்சம் எத்தனை எழுத்துகளைப் பொதுவாகப் பொறுக்கலாம்? கடைசி எழுத்தில்தான் முடிய வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. எனவே எழுத்துகள் பொருந்தாதபோது எதுவும் அறுந்துபோவதில்லை. மேலே உள்ள எண், இடப்பக்கம் உள்ள எண் இரண்டில் பெரியதை அப்படியே கொண்டுவருகிறோம். ‘ரா’ வரிசை முழுக்க 1 என்று இருப்பதைப் பாருங்கள். ‘ரா’வால் ஒன்றும் சேரவில்லை, ஆனால் ‘பா’ சம்பாதித்த 1 கைவிட்டுப் போகவும் இல்லை. முதல் அட்டவணையில் அதே ‘ரா’ வரிசை எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டது.

விடை எங்கே இருக்கிறது என்பதும் இதிலிருந்தே வருகிறது. சப்சீக்வென்ஸ் அட்டவணையில் எண்கள் வலப்பக்கமோ கீழேயோ போகும்போது குறைவதே இல்லை. அதனால் கீழ் வலது மூலையில் இருப்பதே விடை: 3. சப்ஸ்ட்ரிங் அட்டவணையில் மூலைக் கட்டம் சொல்வது, இரண்டு சொற்களின் கடைசி எழுத்துகளிலும் முடிகிற துண்டு எவ்வளவு என்பதை மட்டும்தான். ‘டு’வும் ‘ம்’மும் வேறு எழுத்துகள், ஆகவே அங்கே 0. உண்மையான விடையான 2, மூலைக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது. பெரிய சரங்களில் அது அட்டவணையின் எந்த இடத்திலும் இருக்கலாம். ஆகவே நிரப்பிக்கொண்டே போகும்போது மிகப் பெரிய எண்ணையும் அது இருந்த இடத்தையும் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

நிரல் எழுதிப் பழகுகிறவர்கள் இந்த இரண்டு சொற்களைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். சப்ஸ்ட்ரிங் நிரல் 2 என்று சொன்னால் சரி. 0 என்று சொன்னால், மூலைக் கட்டத்தைப் பார்த்து விடை சொல்கிறது. 3 என்று சொன்னால், பொருந்தாத இடத்தில் பூஜ்யம் எழுதாமல் பழைய எண்ணை விட்டுவைத்திருக்கிறது. ‘பாட்டும்’ என்பதற்குப் பதில் வெறும் ‘பாட்டு’ என்று கொடுத்துச் சோதித்தால் முதல் பிழை பிடிபடாது. இரண்டு சொற்களும் ‘ட்டு’ என்றே முடிவதால் மூலையிலேயே 2 வந்து நின்றுவிடும்.

```python
def common_substring(a, b):
    prev = [0] * (len(b) + 1)
    best = end = 0
    for i in range(1, len(a) + 1):
        cur = [0] * (len(b) + 1)
        for j in range(1, len(b) + 1):
            if a[i-1] == b[j-1]:
                cur[j] = prev[j-1] + 1
                if cur[j] > best:
                    best, end = cur[j], i
        prev = cur
    return a[end-best:end]
```

இந்த நிரல் முழு அட்டவணையையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. முந்தைய வரிசை ஒன்று, இப்போதைய வரிசை ஒன்று, அவ்வளவுதான். துண்டு எங்கே முடிகிறது, எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் மூலச் சரத்திலிருந்து அதை அப்படியே வெட்டியெடுத்துவிடலாம். சப்சீக்வென்ஸில் இந்தச் சலுகை இல்லை. நீளம் மட்டும் போதுமென்றால் அங்கும் இரண்டு வரிசைகள் போதும். ஆனால் எந்தெந்த எழுத்துகளைப் பொறுக்கினோம் என்று சொல்ல வேண்டுமானால், மூலையிலிருந்து பின்னோக்கி நடந்து வர முழு அட்டவணையும் சாதாரணமாகத் தேவைப்படும்.

மேலே உள்ள நிரலுக்கு நம் இரண்டு தமிழ்ச் சொற்களையும் அப்படியே கொடுத்தால் விடை 2 எழுத்தாக வராது. நமக்கு ‘பா’ ஓர் எழுத்து. யூனிகோடில் அது ‘ப’ என்ற குறியும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு. ‘ட்’ என்பதும் ‘ட’வும் புள்ளியுமாக இரண்டு. பைத்தான் எண்ணுவது இந்தக் குறிகளைத்தான். அதன் கணக்கில் ‘பாராட்டு’ 8 குறி, ‘பாட்டும்’ 8 குறி. ‘ரா’வின் துணைக்காலும் ‘பா’வின் துணைக்காலும் ஒரே குறி என்பதால், பொதுத் துண்டு அந்தத் துணைக்காலிலிருந்தே தொடங்கி ‘ட்டு’ வரை 5 குறிகளாக நீண்டுவிடுகிறது. திரையில் அச்சிட்டால், மெய்யில்லாத வெறும் கால் ஒன்று, பெரும்பாலும் புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு முன்னால் நிற்கும். அந்த வட்டம் தெரிந்தாலே எழுத்து நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். எதுகை தேடுகிறவருக்கு ‘ஆட்டு’ என்ற ஒலி பொதுவாக இருப்பது பயன்படும் செய்திதான். எழுத்துகளை ஒப்பிடுகிறவருக்கு அது பிழை.

சரிசெய்வது கடினமில்லை. பைத்தானுக்குத் தனியாகக் கிடைக்கும் `regex` என்ற நூலகத்தில் `\X` என்ற வடிவம், பார்வைக்கு ஓர் எழுத்தாக இருப்பதை ஒரே அலகாகப் பிரித்துத் தரும். அந்தப் பட்டியலை நிரலுக்குக் கொடுத்தால் ‘ட்’, ‘டு’ என்ற இரண்டு மட்டும் வரும். அதற்கு முன் இரண்டு உரைகளையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிடுவது நல்லது. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு வேறு. அப்படி ஓர் இடம் வந்தால் நீளமான பொதுத் துண்டு அங்கே காரணமே தெரியாமல் முறியும்.

எதற்கு எந்த அட்டவணை? ஓர் உரையின் இரண்டு பதிப்புகளுக்கு நடுவே என்ன மாறியது என்று அறிய வேண்டுமானால் சப்சீக்வென்ஸ்தான் பொருந்தும். யூனிக்ஸின் `diff` கட்டளை அந்த எண்ணத்தில் பிறந்ததே. அதன் வழிமுறையை ஹன்ட், மெக்கில்ராய் இருவரும் 1976-இல் அறிக்கையாக எழுதினார்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து அப்படியே எழுதினாரா என்று அறிய வேண்டுமானால் சப்ஸ்ட்ரிங்தான் வலுவான சாட்சி. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளை மட்டும் கொண்டு, 1000 எழுத்து நீளமுள்ள இரண்டு சரங்களைத் தற்செயலாக உருவாக்கினால், ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாமலே அவற்றின் பொதுச் சப்சீக்வென்ஸ் ஏறக்குறைய 650 எழுத்து வந்துவிடும். பொதுச் சப்ஸ்ட்ரிங்கோ சுமார் 10 எழுத்தைத்தான் எட்டும். எனவே 650 என்ற எண் அங்கே எதையும் நிரூபிக்காது. 60 எழுத்துகள் ஒட்டினாற்போல் பொருந்தினால் அது தற்செயல் அல்ல. இதற்கு மறுபக்கமும் உண்டு. காப்பியடிப்பவர் பத்துச் சொல்லுக்கு ஒரு சொல்லை மாற்றினாலே சப்ஸ்ட்ரிங் துண்டு துண்டாகிவிடும்.

அதனால்தான் நடைமுறைக் கருவிகள் சில இரண்டையும் கலக்கின்றன. பைத்தானோடு வரும் `difflib`-இல் உள்ள `SequenceMatcher` முதலில் மிக நீளமான பொதுத் துண்டைத் தேடும். பிறகு அதன் இடப்பக்கம் மிஞ்சியதிலும் வலப்பக்கம் மிஞ்சியதிலும் அதே வேலையைத் திரும்பச் செய்யும். நம் சொற்களை எழுத்துகளாகப் பிரித்துக் கொடுத்தால் முதலில் ‘ட்டு’ கிடைக்கும், அதன் இடப்பக்கம் ‘பா’ கிடைக்கும். மொத்தம் 3 எழுத்து. இருமடங்கான 6-ஐ இரண்டு சொற்களின் 8 எழுத்துகளால் வகுத்து, ஒற்றுமை 0.75 என்று சொல்லும். பிரிக்காமல் குறிகளாகவே கொடுத்தாலும், 6 குறி பொருந்தி, 12-ஐ 16-ஆல் வகுத்து அதே 0.75 வரும். ஆகவே விகிதத்தை மட்டும் பார்த்தால் வெட்டுப்பட்ட எழுத்து கண்ணில் படாது. பொருந்திய துண்டுகளை அச்சிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கருவியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டாவது உரையில் 200 அலகுகளோ அதற்கு மேலோ இருந்தால், அதில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் அலகுகளை அது பொதுவானவை என்று கருதி, பொருத்தத்தை அவற்றிலிருந்து தொடங்காமல் விட்டுவிடும். சொற்களை ஒப்பிடும்போது இதனால் நேரம் மிச்சமாகும். எழுத்துகளை ஒப்பிடும்போது, ‘க்’, ‘து’, ‘ம்’ போன்றவை எல்லா உரையிலும் அடிக்கடி வருவதால், உண்மையிலேயே மிக நீளமான துண்டை அது தவறவிடக்கூடும். எழுத்து அளவில் ஒப்பிடுகிறவர்கள் `autojunk=False` என்று சேர்த்து அழைக்க வேண்டும்.