தறிச் சத்தமும் பதினாறு மணி நேர ஓய்வும்

ஆரணி ரோடு ரயில் நிலையம் இருப்பது களம்பூரில். விழுப்புரம்–காட்பாடி பாதை ஆரணியைத் தொடாமலே போய்விட்டது. ஆனாலும் பட்டுத்தறி வீட்டுப் பையன்கள் ஐ.டி.ஐ. முடித்ததும் உதவி லோகோ பைலட் தேர்வுக்கு உட்காருகிறார்கள். வேலை கிடைத்தபின் குடும்பம் எங்கே இருப்பது என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

அப்படி ஒருவருக்கு விழுப்புரத்தில் போஸ்டிங் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தில் கிடைத்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வண்டியில் இருந்துவிட்டுத் தலைமையிடம் திரும்பியவருக்கு 16 மணி நேர ஓய்வு. அதிகாலை 4 மணிக்குக் கையெழுத்துப் போட்டு இறங்கினால் இரவு 8 மணி வரை. செஞ்சி, சேத்துப்பட்டு வழியாகப் பேருந்தில் ஆரணி வர மூன்று மணி நேரம் ஆகும். பேருந்துக்குக் காத்திருந்து காலை எட்டரைக்கு வீட்டுக்கு வருகிறவர், மாலை நாலரைக்கெல்லாம் திரும்பக் கிளம்ப வேண்டும். ஓய்வு முடியும் நேரத்தில் அழைப்பு வந்தால் அவர் விழுப்புரத்தில் இருந்தாக வேண்டுமே!

மிஞ்சுவது எட்டு மணி நேரம். அதில்தான் குளிக்க, சாப்பிட, பிள்ளையைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலாகத் தூங்க வேண்டும். நெசவுத் தெருவிலோ பகலில்தான் தறி ஓடும். தன் வீட்டுத் தறியை நிறுத்தினாலும், ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் பலகை அடிக்கும் சத்தம் நிற்காது. அரைத்தூக்கத்தோடு அன்று இரவு சிக்னல் பார்க்கப் போவது ஆபத்து. அதனால் குடும்பத்தோடு விழுப்புரத்தில் வாடகை வீடு என்று முடிவாகிறது. இங்கே தார் சுற்றிக்கொடுத்த மனைவியும் கூடப் போய்விட, மாமனாரின் தறிக்கு ஒரு ஜோடிக் கை குறைகிறது. சம்பளக் கணக்கில் இந்த நஷ்டத்தை யாரும் எழுதுவதில்லை.

லோகோ ஷெட்டில் டெக்னீஷியனாக இருப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஷிப்ட் முன்கூட்டியே தெரியும், வெளியூர் ரன்னிங் ரூமில் படுக்க வேண்டியதில்லை. கல்யாணம் பேசும்போது பெண் வீட்டார் இந்த வித்தியாசத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது.

வெளி மாநில மண்டலத்தில் வேலை கிடைத்தவர்களின் பாடு வேறு. சொந்த விருப்பத்தில் தமிழ்நாட்டுக்கு மாற்றல் கேட்டால் புது இடத்தின் சீனியாரிட்டிப் பட்டியலில் அந்த கிரேடின் கடைசியில் வைப்பார்கள். பத்து வருடம் ஓட்டியிருந்தாலும், அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர் முன்னால் பதவி உயர்வு பெறுவார். பரஸ்பர மாற்றல் கொஞ்சம் மேல். இடம் மாறும் இருவரில் யார் ஜூனியரோ அவருடைய இடம்தான் வருகிறவருக்குக் கிடைக்கும். ஆகவே உங்களைவிட அதிக சர்வீஸ் உள்ள ஆளைத் தேடிப் பிடித்தால் உங்களுக்கு இழப்பில்லை. ஆனால் அவர் எதற்குச் சம்மதிப்பார்?

பெரும்பாலும் அவரும் தன் ஊருக்குப் போகத் தவிக்கிறவர். அதனால் சம்மதிக்கிறார்.