நிதானமாகத் திரும்பும் விலை

1999 செப்டம்பர் கடைசியில் ஐரோப்பிய மத்திய வங்கிகள் கூடி, தங்கம் விற்பதற்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொண்டன. சில நாட்களிலேயே ஓர் அவுன்ஸ் தங்கம் 260 டாலரை ஒட்டிய நிலையிலிருந்து 325 டாலர் வரை பாய்ந்தது. சரிவு முடிந்துவிட்டது என்று நம்பிப் பலர் வாங்கினார்கள். 2001 ஏப்ரலில் விலை மறுபடி 256 டாலருக்கு வந்து நின்றது. உண்மையான திருப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் மிக மெதுவாக.

இப்படி நிதானமாகத் திரும்பும் விலைப்போக்கை ரவுண்டிங் பாட்டம் என்றும், சாசர் என்றும் பங்குச்சந்தையில் சொல்கிறார்கள். தங்கத்தின் ஆண்டு இறுதி விலைகளை வரிசையாகப் பார்த்தால் வடிவம் புரியும். 1996 பிப்ரவரியில் 415 டாலரைத் தொட்ட விலை, அந்த ஆண்டு முடிவில் 369. அடுத்த ஆண்டு 290. பிறகு மூன்று ஆண்டுகள் 288, 290, 274 என்று ஏறக்குறைய அசையாமல் கிடந்தது. 2001இல் 277, 2002இல் 347, 2003 முடிவில் 416. இறங்கிய உயரத்துக்கே திரும்ப ஏற ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடித்தன.

வடிவத்தைச் சோதிக்க, தினசரி சார்ட்டை விட்டுவிட்டு வாராந்திர, மாதாந்திர சார்ட்டைப் பார்க்க வேண்டும். முதலில் சரிவின் வேகம் படிப்படியாகக் குறைய வேண்டும். பிறகு விலை ஒரு குறுகிய எல்லைக்குள் நெடுநாள் கிடக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு இறக்கமும் முந்தைய இறக்கத்தைவிடச் சற்று மேலேயே நின்றுவிட வேண்டும். 1999இல் நடந்தது போல நடுவில் ஒரே பாய்ச்சலாக ஏறினால், அது செய்திக்கு வந்த ஏற்றம். விற்க நினைத்தவர்கள் இன்னும் விற்று முடிக்கவில்லை. நல்ல விலை கிடைத்ததும் மறுபடி விற்பார்கள்.

அடுத்தது வால்யூம், அதாவது கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை. தங்கத்தின் பெரும்பகுதி வணிகம் எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே லண்டனில் நடப்பதால், அதன் முழு வால்யூம் சார்ட்டில் தெரியாது. அதனால் ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். 200 ரூபாயில் இருந்த பங்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் 160, 135, 122, 120 என்று இறங்குகிறது. வாரத்துக்குப் பத்து லட்சம் பங்குகள் கைமாறிய இடத்தில் ஆறு லட்சம், மூன்று லட்சம், கடைசியில் ஒன்றரை லட்சம்தான் கைமாறுகிறது. பயந்து விற்பவர்கள் தீர்ந்துவிட்டார்கள். வாங்க ஆர்வமுள்ளவர்களும் இன்னும் வரவில்லை. பிறகு விலை 124, 136, 158 என்று ஏறும்போது வால்யூமும் இரண்டு, நான்கு, ஏழு லட்சம் என்று கூடுகிறது. விலையும் வால்யூமும் சேர்ந்தே குழிந்து, சேர்ந்தே எழுந்தால் அது நம்பத்தக்க சாசர். விலை மட்டும் ஏறி, வால்யூம் ஒன்றரை லட்சத்திலேயே நின்றால் அந்த ஏற்றத்தை நம்ப வேண்டாம்.

வால்யூமைப் படிப்பதிலும் கண் ஏமாறும். பெரிய முதலீட்டாளர் ஒருவர் இன்னொருவருக்கு மொத்தமாகக் கைமாற்றிய ஒரே நாள், அந்த வாரத்தின் வால்யூமையே தூக்கிக் காட்டும். ஒரு வாரத்தைப் பார்க்காமல் பத்து வாரச் சராசரியைப் பாருங்கள். அன்றே வாங்கி அன்றே விற்பவர்களின் கணக்கும் அதில் கலந்திருக்கும். எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் டெலிவரி அளவு, பங்கை எடுத்து வைத்துக்கொண்டவர்கள் எவ்வளவு என்பதைக் காட்டும். பங்கு பிரிக்கப்பட்டிருந்தாலோ போனஸ் கொடுத்திருந்தாலோ, பழைய விலைகளும் வால்யூமும் அதற்கேற்பத் திருத்தப்பட்ட சார்ட்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத சரிவு தெரியும்.

அடித்தளம் முடிந்தது என்பதற்கு அடையாளம், சரிவு தொடங்கிய பழைய உயரத்தை, அதாவது நம் உதாரணத்தில் 200 ரூபாயை, கூடுதல் வால்யூமோடு தாண்டுவது. தாண்டிய பின் விலை 200ஐத் தொட்டுப் பார்க்கத் திரும்பி வருவது சகஜம். அந்த இறக்கத்தில் வால்யூம் வற்றினால் நல்லது. குழியின் ஆழத்தை அந்த உயரத்தோடு கூட்டினால் தோராயமான இலக்கு கிடைக்கும்: 200உடன் 80 சேர்த்து 280. தங்கத்தில் மிகத் தாழ்ந்த விலை 252 டாலர். ஆழம் 163; இலக்கு 578. 2006 ஏப்ரலில் விலை 600ஐத் தாண்டியது. கணக்கு பலித்தது, ஆனால் 415ஐக் கடந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பல சாசர்கள் பாதியில் உடையும். அடிமட்டத்தை உடைத்துக்கொண்டு விலை கீழே போனால் அந்த வடிவம் செத்துவிட்டது, வெளியேறிவிட வேண்டும். கம்பெனியின் லாபமும் கடனும் மோசமாகிக்கொண்டே போனால், விலை எத்தனை ஆண்டுகள் அசையாமல் கிடந்தாலும் அது அடித்தளம் ஆகாது. குழியின் நடுவில் அவசரப்பட்டு வாங்காமல், பழைய உயரத்தை வால்யூமோடு தாண்டும்வரை பொறுத்திருங்கள்.