திங்கட்கிழமைத் தாளில் எந்தக் கணக்கு?

திருப்பூரில் நான்கு தையல் லைன் ஓடும் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே கணக்கு வைக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் நாற்பது, ஐம்பது எண்கள் தேறும். திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு வரும் ஒற்றைப் பக்க டாஷ்போர்டில் அவற்றில் ஐந்தாறுக்குத்தான் இடம். எதை வைப்பது?

ஒவ்வொரு எண்ணிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: இது மாறினால் இந்த வாரம் யார், என்ன செய்வார்கள்? பதில் இல்லாத எண்ணுக்கு இந்தத் தாளில் வேலையில்லை. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஏற்றுமதியான மொத்த பீஸ் வாராவாரம் ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்து யாரும் எதையும் மாற்றப் போவதில்லை. லாபக் கணக்கு மாதம் முடிந்த பிறகே தெளிவாகும். மணிக்கு மணி உற்பத்தியோ லைன் ஓரத்துப் பலகைக்கு உரியது. செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஏற்பட்ட தடங்கலை அடுத்த திங்களன்று படித்துப் பயனில்லை.

இந்தக் கேள்வியைத் தாண்டி வரும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பலரும் முதலில் எழுதுவது வார உற்பத்தி. ஒரு லைனில் 40 டெய்லர்கள். நாளைக்கு 480 நிமிடம், வாரம் ஆறு நாள். மொத்தம் 1,15,200 நிமிட உழைப்பு. போன வாரம் 7,200 டி-ஷர்ட் தைத்தார்கள், இந்த வாரம் 4,000 போலோ. தாளில் பீஸ் எண்ணிக்கை மட்டும் இருந்தால் லைன் படுத்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு டி-ஷர்ட் தைக்க நிர்ணயித்த நேரம் 8 நிமிடம், காலரும் பட்டன் பட்டியும் உள்ள போலோவுக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், போன வாரம் செய்த வேலை 57,600 நிமிடம், இந்த வாரம் 60,000. எஃபிஷியன்சி 50 சதவீதத்திலிருந்து 52-க்கு உயர்ந்திருக்கிறது. ஆகவே தாளில் வரவேண்டியது பீஸ் எண்ணிக்கை அல்ல, எஃபிஷியன்சி. அதையும் லைன் வாரியாகக் காட்டவேண்டும். நான்கு லைனின் சராசரி 50 என்றால், அதற்குள் 62-ம் 38-ம் ஒளிந்திருக்கலாம்.

எஃபிஷியன்சியைத் தனியே விட்டாலும் ஆபத்துதான். சூப்பர்வைசர் அதை மட்டும் துரத்தினால் தையல் விட்டுப்போகும். ஆல்ட்ரேஷன் பீஸ்கள் செக்கிங் மேசையில் குவியும். அதனால் பக்கத்திலேயே நூறு பீஸுக்கு எத்தனை குறை என்ற கணக்கு இருக்கவேண்டும். 500 பீஸ் பார்த்ததில் 40 குறை என்றால் விகிதம் 8. இரண்டும் சேர்ந்து ஏறினால், வேகத்துக்குத் தரம் விலையாகப் போகிறது என்று பொருள். வேகம் ஏறும்போது குறை சட்டென்று பாதியானால் மகிழும் முன் செக்கிங் மேசைக்குப் போய்ப் பாருங்கள். சோதிப்பதையே குறைத்திருக்கலாம்.

அடுத்தது ஷிப்மென்ட். சொன்ன தேதியில் போன ஆர்டர்கள் எத்தனை சதவீதம் என்பது அவசியமான எண்தான். ஆனால் அது நடந்து முடிந்த கதை. தவறிய சரக்கை அதற்குள் விமானத்தில் அனுப்பியிருப்பார்கள், அல்லது பையருக்கு விலையைக் குறைத்திருப்பார்கள். தாமதம் பெரும்பாலும் தையலுக்கு முன்பே, சாயப்பட்டறையிலிருந்து துணி வராதபோதே, தொடங்கிவிடுகிறது. எனவே அதற்குப் பக்கத்தில் முன்னோக்கிய ஓர் எண் வேண்டும்: அடுத்த மூன்று வாரத்தில் கப்பலேற வேண்டிய பீஸ்களில் எத்தனைக்கு இன்னும் துணி உள்ளே வரவில்லை? 30,000 பீஸில் 9,000-க்கு வரவில்லை என்று தெரிந்தால், அன்றே சாயப்பட்டறைக்கு ஆள் அனுப்பலாம், லைன் வரிசையை மாற்றலாம். இந்தத் தாளிலேயே அதிகம் வேலை செய்யும் எண் இதுதான்.

ஐந்தாவதாக, அந்த வாரம் முடிந்த ஆர்டர்களில் வெட்டியதற்கும் அனுப்பியதற்கும் உள்ள விகிதம். 10,000 வெட்டி 9,700 போனால் 97 சதவீதம். மீதி 300 பீஸ் எங்கே போயிற்று என்று ஒருவர் பதில் சொல்லியாகவேண்டும்.

ஒவ்வொரு எண்ணோடும் இலக்கு, கடந்த பன்னிரண்டு வார வரைகோடு, பொறுப்பானவர் பெயர் ஆகியவை போதும். வரைகோடு இல்லாவிட்டால் சின்ன அசைவுக்கெல்லாம் பதற்றம் வரும். 47-க்கும் 53-க்கும் நடுவிலேயே மூன்று மாதமாக ஆடும் லைன் இந்த வாரம் 49 காட்டினால் அதில் விசாரிக்க ஒன்றுமில்லை. 41 காட்டினால் உண்டு. கணக்கிடும் முறையையும் ஒருமுறை எழுதி நிறுத்திவிடவேண்டும். ஹெல்பர்களை ஒரு வாரம் ஆள் கணக்கில் சேர்த்து, மறுவாரம் விட்டுவிட்டால், தையலில் எந்த மாற்றமும் இல்லாமலே எஃபிஷியன்சி குதிக்கும்.

புதிய எண் கேட்டு யாராவது வந்தால், பழையதில் ஒன்றை எடுத்துவிட்டுச் சேர்ப்பது நல்ல விதி. எதை எடுப்பது என்பதைக் கூட்டக் குறிப்பே சொல்லும்: எட்டு வாரமாக எந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கப்படவில்லையோ, அது.